ஐஸ்கட்டியும் டீயும் சொல்லித்தரும் இரண்டாம் விதி

இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் என்ட்ரோபி என்றால் என்ன என்று கேட்டால், ‘ஒழுங்கின்மையின் அளவு’ என்று உடனே பதில் வரும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி எது என்றால், ‘என்ட்ரோபி எப்போதும் கூடும்’ என்பார்கள். இரண்டும் பள்ளியிலேயே மனப்பாடம் ஆனவை. அடுத்து இதைக் கேட்க வேண்டும்: “ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் உறைகிறது. அலைந்துகொண்டிருந்த மூலக்கூறுகள் வரிசையாக அடுங்கி நின்றுவிடுகின்றன. ஒழுங்கு கூடிவிட்டதே, இரண்டாம் விதி என்ன ஆயிற்று?”

வகுப்பு யோசிக்கத் தொடங்கும். என்ட்ரோபி பாடத்தைத் தொடங்க வேண்டிய இடம் இதுதான். வரையறையை முதலில் எழுதிப் போட்டுவிட்டுக் கணக்குக்குப் போனால், மாணவர்கள் தேர்வில் மதிப்பெண் வாங்குவார்கள். ஆனால் ஒரு ஃப்ரிட்ஜைப் பார்த்து அதில் எங்கே மின்சாரம் வீணாகிறது என்று சொல்லத் தெரியாது. ஐஸ்கட்டியில் தொடங்கி டீக்குப் போனால் அதைச் சொல்லத் தெரிந்துவிடும்.

ஐஸ் ஏன் முதலில்?

பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824இல் நீராவி இயந்திரங்களை ஆராய்ந்து வெளியிட்ட சிறு நூலிலிருந்து கிளைத்த சிந்தனை இது. ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ் அதை வளர்த்தெடுத்து, 1865இல் என்ட்ரோபி என்று பெயரிட்டார். அவருடைய கணக்கு எளிமையானது. ஒரு பொருளுக்குள் போகும் வெப்பத்தை, அது போகும் இடத்தின் வெப்பநிலையால் வகுக்க வேண்டும்: ΔS = Q/T. வெப்பநிலை கெல்வினில் இருக்க வேண்டும். செல்சியஸில் போட்டால் உருகும் ஐஸுக்குப் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டிவரும். கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

இந்த வகுத்தலின் பொருள் என்ன? ஒரே அளவு வெப்பம் குளிர்ந்த பொருளுக்குள் போனால் என்ட்ரோபி நிறைய மாறும்; சூடான பொருளுக்குள் போனால் குறைவாக மாறும். இரண்டாம் விதி முழுவதும் இந்த ஏற்றத்தாழ்வில்தான் நிற்கிறது.

ஐஸை முதலில் எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை மாறாது, எனவே எந்த T-யைப் போடுவது என்ற குழப்பம் இல்லை. இதை வகுப்பிலேயே காட்டலாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டி பூஜ்ஜியத்துக்கும் கீழே குளிர்ந்திருக்கும் என்பதால், மேற்பரப்பில் ஈரம் கசியும்வரை வெளியே வைக்க வேண்டும். பிறகு துடைத்து, நிறுத்து, தெர்மோகோல் கப்பில் போட்டு, கொஞ்சம் உருகியதும் வெப்பமானியைச் செருகிக் கலக்கிக்கொண்டே இருந்தால், கடைசித் துணுக்கு கரையும்வரை முள் 0 டிகிரியை விட்டு நகராது.

இப்போது கணக்கு. 100 கிராம் ஐஸ் உருக 33,400 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் 30 டிகிரியில் இருக்கும் வகுப்பறையிலிருந்து வருகிறது. ஐஸின் என்ட்ரோபி கூடுவது 33,400-ஐ 273-ஆல் வகுத்த அளவு, அதாவது கெல்வினுக்கு 122.3 ஜூல். வகுப்பறை அதே வெப்பத்தை இழக்கிறது, ஆனால் 303 கெல்வினில் இழக்கிறது. அதன் என்ட்ரோபி குறைவது 110.2 மட்டுமே. இரண்டையும் கூட்டினால் 12.1 மிச்சம். போன வெப்பமும் வந்த வெப்பமும் ஒன்றேதான். ஆற்றல் ஒரு ஜூல்கூடப் பிறக்கவில்லை. என்ட்ரோபி மட்டும் புதிதாகப் பிறந்திருக்கிறது.

இனி ஃப்ரீசர் கேள்விக்கு வரலாம். 0 டிகிரித் தண்ணீர் 100 கிராம், மைனஸ் 10 டிகிரி குளிரில் இருக்கிறது. அது உறையும்போது அதே 33,400 ஜூலை வெளியே விடுகிறது. தண்ணீரின் என்ட்ரோபி 122.3 குறைகிறது. ஆனால் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் சூழல் 263 கெல்வினில் இருப்பதால் அதன் என்ட்ரோபி 127.0 கூடுகிறது. மொத்தத்தில் 4.7 அதிகம். உருகுவதும் உறைவதும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டே நடக்கின்றன. தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு, அதைச் சுற்றியிருப்பதைக் கணக்கில் சேர்க்க மறந்ததுதான் சிக்கலுக்குக் காரணம்.

சூழலும் சரியாக 0 டிகிரியில் இருந்தால்? இரு பக்கமும் 122.3, மிச்சம் பூஜ்ஜியம். ஐஸும் தண்ணீரும் அப்படியே கூடி நிற்கும். எந்தப் பக்கமும் நகராது. பாடநூல் ‘மீள் நிகழ்வு’ என்று சொல்வது இந்த எல்லையைத்தான். வெப்பநிலையில் இடைவெளி இருந்தால்தான் என்ட்ரோபி பிறக்கும் என்பது இங்கே முதல்முறையாகக் கண்ணில் படுகிறது.

டீயில் ஒரு டிகிரி, ஒரு டிகிரியாக

அடுத்த படி டீ. 80 டிகிரியில் 100 கிராம் கட்டன் டீ. அதோடு 30 டிகிரியில் 100 கிராம் தண்ணீர். கலந்தால் 55 டிகிரி. எவர்சில்வர் டம்ளரில் செய்து பார்த்தால் டம்ளரும் கொஞ்சம் வெப்பத்தைக் குடிப்பதால் 53, 54 டிகிரிதான் காட்டும். தெர்மோகோல் கப்பில் 55-ஐ நெருங்கும்.

இங்கே ஐஸில் இல்லாத சிக்கல் வருகிறது. டீயின் வெப்பநிலை இறங்கிக்கொண்டே இருக்கிறது, தண்ணீரின் வெப்பநிலை ஏறிக்கொண்டே இருக்கிறது. Q/T-யில் எந்த T? பல மாணவர்கள் கடைசி வெப்பநிலையான 328 கெல்வினை இரண்டு பக்கமும் போட்டு, என்ட்ரோபி மாற்றம் பூஜ்ஜியம் என்று எழுதிவிடுவார்கள். விடை பூஜ்ஜியம் என்று வந்தால் இந்தத் தவறுதான் நடந்திருக்கிறது என்று ஆசிரியர் கண்டுகொள்ளலாம்.

தொகையீட்டுச் சூத்திரத்தை உடனே எழுதிக் காட்டாமல், எக்செலில் 25 வரிசை போடச் சொல்வது நல்லது. டீ ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் 418 ஜூல் கைமாறுகிறது. முதல் டிகிரியில் டீ 352.5 கெல்வினிலும் தண்ணீர் 303.5-லும் இருப்பதாகக் கொண்டால், டீ இழப்பது 1.19, தண்ணீர் பெறுவது 1.38, மிச்சம் 0.19. கடைசி டிகிரியில் டீ 328.5, தண்ணீர் 327.5, மிச்சம் 0.004 மட்டுமே. கைமாறிய வெப்பம் அதே 418 ஜூல்தான். 25 வரிசையையும் கூட்டினால் சுமார் 2.4 வரும். மடக்கைச் சூத்திரத்தில் போட்டாலும் அதே விடை வருவதைப் பார்க்கும்போது, சூத்திரம் எதைக் கூட்டுகிறது என்பது மாணவருக்குப் புரிந்திருக்கும்.

அந்த அட்டவணையை மேலிருந்து கீழே படித்தால் பாடத்தின் மையம் தெரியும். இடைவெளி 49 டிகிரியாக இருந்த முதல் வரிசையில் பிறந்த என்ட்ரோபி, இடைவெளி 1 டிகிரியான கடைசி வரிசையில் பிறந்ததைப்போல ஏறத்தாழ 50 மடங்கு.

இதனால் நாம் இழந்தது என்ன? டீயையும் தண்ணீரையும் நேரடியாகக் கலக்காமல், இரண்டுக்கும் நடுவே ஒரு குறையற்ற இயந்திரத்தை வைத்திருந்தால், இரண்டும் 54 டிகிரியில் வந்து சேரும். வழியில் சுமார் 800 ஜூல் வேலை கிடைத்திருக்கும். ஒரு கிலோ எடையை 80 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான வேலை அது. கலந்த பிறகு அந்த 800 ஜூலும் டம்ளருக்குள்ளேயேதான் இருக்கிறது, வெதுவெதுப்பாக. அதை வேலையாக மாற்றும் வாய்ப்புதான் போய்விட்டது.

கலந்தது ஏன் பிரிவதில்லை?

டீக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரே வெப்பநிலையில் இருக்கும் டீயில் சர்க்கரைப் பாகை ஊற்றினால், வெப்பம் பெரிதாக எங்கும் போகாவிட்டாலும் கலந்துவிடுகிறது, பிரிவதில்லை. Q/T மட்டும் இதை விளக்காது. ஆஸ்திரிய இயற்பியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மனின் வழி இங்கே தேவை: ஒரு நிலை எத்தனை விதமாக அமையலாம் என்று எண்ணுவது. வியன்னாவில் அவருடைய கல்லறையில் S = k log W என்று அதைப் பொறித்திருக்கிறார்கள்.

ஒரு சீட்டுக்கட்டு போதும் இதைக் காட்ட. 10 சிவப்பு, 10 கறுப்புச் சீட்டுகளைக் குலுக்கினால் நிறங்கள் 1,84,756 விதமாக அமையலாம். மேல் பத்தும் சிவப்பாக இருப்பது அவற்றில் ஒன்றே ஒன்று. நிமிடத்துக்கு ஒருமுறை இரவு பகலாகக் குலுக்கினால், சராசரியாக நாலு மாதத்துக்கு ஒருமுறை அது வரும். 52 சீட்டும் இருந்தால் சுமார் 94 கோடி ஆண்டுக்கு ஒருமுறை. ஒரு டம்ளரில் இருக்கும் மூலக்கூறுகளை எழுத 25 இலக்கம் வேண்டும். அவை தாமாகப் பிரிவதை விதி தடுக்கவில்லை. அப்படி அமையும் விதங்கள் மிகச் சொற்பம், அவ்வளவுதான்.

‘ஒழுங்கின்மை’ என்ற விளக்கம் மாணவர்களைத் தடுமாற வைக்கிறது என்று அமெரிக்க வேதியியல் பேராசிரியர் ஃபிராங்க் லாம்பர்ட் 2002இல் கட்டுரை எழுதி வாதாடினார்; ஆற்றல் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லித் தாருங்கள் என்றார். வேதியியல் பாடநூல்கள் பல அதன்பின் அந்த விளக்கத்தைக் கைவிட்டன. பொறியியல் வகுப்புக்கும் இது பொருந்தும். ஒழுங்கைக் கண்ணால் மதிப்பிட முடியாது. வெப்பத்தையும் வெப்பநிலையையும் அளக்க முடியும்.

உருகிய ஐஸை மறுபடி உறைய வைத்தால்

கடைசி வகுப்பில் அந்த 100 கிராம் தண்ணீரை மறுபடி ஐஸ் ஆக்கச் சொல்ல வேண்டும். குறைந்தபட்சம் எவ்வளவு வேலை தேவை? உருகும்போது பிறந்த 12.1-ஐ அறையின் 303 கெல்வினால் பெருக்கினால் சுமார் 3,670 ஜூல். எந்த ஃப்ரிட்ஜாலும் இதற்குக் கீழே போக முடியாது.

ஆனால் உண்மையான ஃப்ரிட்ஜ் எதுவும் இந்த அளவுக்கு இறங்குவதில்லை. உள்ளே இருக்கும் சுருள் தண்ணீரிலிருந்து வெப்பத்தை இழுக்க வேண்டுமானால் தண்ணீரைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். மைனஸ் 20 டிகிரி என்று வைப்போம். பின்பக்கச் சுருள் அறைக்குள் வெப்பத்தைத் தள்ள வேண்டுமானால் அறையைவிடச் சூடாக இருக்க வேண்டும். 45 டிகிரி என்று வைப்போம். கம்ப்ரஸர் குறையே இல்லாமல் ஓடினாலும் இப்போது தேவைப்படும் வேலை 8,580 ஜூல். கூடுதலான 4,900 ஜூலும் சுருள்களின் அந்த இரண்டு இடைவெளிகளில் பிறக்கும் என்ட்ரோபிக்காக நாம் கட்டும் மின்கட்டணம்.

இந்த இடத்தில் மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இந்த ஃப்ரிட்ஜில் நீங்கள் எதை மாற்றுவீர்கள்?” என்ட்ரோபியை ஒழுங்கின்மை என்று படித்தவரிடம் இதற்குப் பதில் இருக்காது. 25 வரிசை அட்டவணையைத் தன் கையால் போட்டவர், சுருளைப் பெரிதாக்கலாம், தகடுகளைக் கூட்டலாம், பின்பக்கத்தில் தூசி படியாமல் காற்றோட விடலாம் என்பார். பரப்பு கூடினால் அதே வெப்பம் சிறிய இடைவெளியிலேயே கடந்துவிடும். அதற்கு ஆகும் உலோகத்தின் விலையையும் மிச்சமாகும் மின்சாரத்தையும் எதிரெதிரே வைத்து எடைபோடத் தொடங்கும்போது, அவர் இரண்டாம் விதியைப் பொறியாளராகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்.