நியூயார்க்கில் காலை பத்து என்றால் மதுரையில் எத்தனை மணி?

மதுரையில் இருந்தபடியே நியூயார்க் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்க ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2027 மார்ச் 10, புதன்கிழமை, அந்த நிறுவனத்தின் ரெக்ரூட்டரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது: ‘வரும் செவ்வாய், மார்ச் 16, எங்கள் நேரம் காலை 10 மணிக்கு இன்டர்வியூ வைத்துக்கொள்ளலாமா?’ இவர் உடனே போனை எடுத்து நியூயார்க்கில் இப்போது மணி என்ன என்று பார்க்கிறார். இந்தியா பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அப்படியானால் அங்கே காலை 10 மணி, இங்கே இரவு 8.30. சம்மதம் என்று பதில் போட்டுவிட்டு, அந்த நேரத்துக்கு அலாரமும் வைத்துவிடுகிறார்.

செவ்வாய்க்கிழமை இரவு 8.20க்கே தயாராக உட்கார்ந்தால், வீடியோ அழைப்பில் யாரும் இல்லை. காரணம், இன்டர்வியூ 7.30 மணிக்கு. எதிர்முனையில் இருந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இவர் போட்ட கணக்கு புதன்கிழமைக்குச் சரி, செவ்வாய்க்கிழமைக்குத் தவறு. இடையில் மார்ச் 14, ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு, அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி 3 மணி ஆக்கிவிடுகிறார்கள். கோடைக்காலப் பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ள அங்கே இருக்கும் வழக்கம் இது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் ஒரே நேரம்தான். அதனால் நமக்கும் நியூயார்க்குக்கும் உள்ள இடைவெளி குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம், கோடையில் ஒன்பதரை மணி நேரம்.

2007 முதல் அமெரிக்காவில் இந்த மாற்றம் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று வருகிறது. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் பழையபடி பின்னுக்குப் போகிறது. நவம்பரில் இதே பிழையைச் செய்தால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்திருப்போம். நஷ்டம் கொஞ்ச நேரக் காத்திருப்புதான். மார்ச்சில் செய்தால் ஒரு மணி நேரம் பிந்திப்போவோம், இன்டர்வியூவே முடிந்துபோயிருக்கும். எனவே பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் வரும் அழைப்புகளில் கூடுதல் கவனம் வேண்டும். ‘இப்போது அங்கே மணி என்ன’ என்று பார்ப்பதில் பயன் இல்லை. இன்டர்வியூ நாளைக் கொடுத்து, அந்த நாளில் அங்கே பத்து மணி ஆகும்போது இங்கே எத்தனை மணி என்று பார்க்க வேண்டும். timeanddate.com தளத்தில் தேதியையும் இரண்டு ஊர்களையும் கொடுத்தால் இதைக் காட்டிவிடும்.

இன்டர்வியூ எடுப்பவர்களில் ஒருவர் லண்டனில் இருந்தால் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும். பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் கடிகாரம் மாறுவது மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு. 2027-இல் அது மார்ச் 28. அமெரிக்கா மாறி, பிரிட்டன் மாறாத அந்த இரண்டு வாரங்களில், வழக்கமாக ஐந்து மணி நேரமாக இருக்கும் லண்டன் - நியூயார்க் இடைவெளி நான்காகச் சுருங்கிவிடும். அங்கே இருப்பவர்களே தடுமாறும் வாரங்கள் இவை.

அடுத்த கண்ணி, மின்னஞ்சலில் மணிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும் மூன்று எழுத்துகள். EST என்பது நியூயார்க்கின் குளிர்கால நேரத்தைக் குறிப்பது. கோடையில் EDT என்றுதான் எழுத வேண்டும். ஆனால் பழக்கத்தில் பலரும் ஜூலை மாதத்திலும் EST என்றே எழுதுவார்கள். எழுத்தை நம்பிக் கணக்கிட்டால் காலை 10 மணி நமக்கு இரவு 8.30, அவர் மனதில் இருப்பதோ 7.30. நம் பக்கத்திலும் இதே குழப்பம் உண்டு. IST என்று நாம் எழுதுவது இந்திய நேரத்தை. அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் இஸ்ரேல் நேரத்துக்கும் அதே மூன்று எழுத்துகள்தான். டப்ளினில் இருக்கும் ரெக்ரூட்டருக்கு ‘மாலை 4 மணி IST’ என்று எழுதினால், அது தன் ஊர் நேரம் என்றே அவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

இதற்கு எளிய வழி, எழுத்துகளை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை எழுதுவது. பதில் அனுப்பும்போது இப்படி ஒரு வரி சேர்த்தால் போதும்: ‘மார்ச் 16, செவ்வாய், நியூயார்க் காலை 10.00 மணி, சென்னை இரவு 7.30 மணி என்று குறித்துக்கொள்கிறேன். சரிதானா?’ சென்னை என்று போடுவது, மதுரையை விட அந்தப் பெயர் அவர்களுக்குப் பழக்கம் என்பதால். இரண்டு ஊர் நேரமும் ஒரே வரியில் இருந்தால், கணக்கு தப்பியிருந்தாலும் படிக்கிறவர் கண்ணில் பட்டுவிடும். பிறகு கேலண்டர் இன்வைட் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கூகுள் கேலண்டரோ அவுட்லுக்கோ, இன்வைட்டில் மணியுடன் எந்த ஊர் நேரம் என்பதும் சேர்ந்தே பதிவாகும். உங்கள் போனில் திறக்கும்போது இந்திய நேரமாக மாறித் தெரியும். மின்னஞ்சல் ஒரு நேரமும் இன்வைட் வேறு நேரமும் காட்டினால் நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

சில ரெக்ரூட்டர்கள் நேரத்தை நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்லி லிங்க் அனுப்புவார்கள். அந்தப் பக்கம் நம் கணினியின் நேர அமைப்பைப் பார்த்து மணிகளைக் காட்டும். அமெரிக்க நேரத்தில் வைத்திருக்கும் ஆபீஸ் லேப்டாப்பில் திறந்தால் அங்கத்திய மணிதான் வரும். தேர்ந்தெடுக்கும் முன், எந்த ஊர் நேரம் என்று அந்தப் பக்கத்தில் குறிப்பிட்டிருப்பதைப் பாருங்கள்.

நேரத்தை நாமே சொல்லும் வாய்ப்பு வந்தால், ‘எப்போது வேண்டுமானாலும் சரி’ என்று எழுதாமல், இரண்டு நாள்களில் மூன்று நேரங்களை அவர்கள் ஊர் மணியிலேயே கொடுப்பது நல்லது. நியூயார்க் என்றால் அவர்களின் காலை 9 முதல் 11.30 வரை, கோடையில் அது நமக்கு மாலை 6.30 முதல் இரவு 9 வரை. கலிபோர்னியா கடினம். அங்கே கோடையில் காலை 9 என்பது இங்கே இரவு 9.30. நான்கு மணி நேரம் தொடர்ந்து நடக்கும் கடைசிச் சுற்று நமக்கு நள்ளிரவு 1.30க்குத்தான் முடியும். அதை இரண்டு நாளாகப் பிரித்துத் தர முடியுமா என்று கேட்கலாம். காரணத்தையும் சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நள்ளிரவைத் தாண்டும் நேரங்களில் கிழமையிலும் கவனம் வேண்டும். ‘புதன் ராத்திரி பன்னிரண்டரை’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, காலண்டர்படி வியாழக்கிழமை 12.30. எழுத்தில் எப்போதும் தேதியோடு எழுதுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வியை முதல் பேச்சிலேயே ரெக்ரூட்டரிடம் கேட்டுவிட வேண்டும்: ‘வேலையில் சேர்ந்தபின் தினமும் எத்தனை மணி நேரம் உங்கள் அலுவலக நேரத்தோடு சேர்ந்து நான் இருக்க வேண்டும்?’ நியூயார்க்கின் காலை 9 முதல் மதியம் 1 வரை என்று பதில் வந்தால், நமக்குக் கோடையில் இரவு 10.30 வரை வேலை. நவம்பரிலிருந்து மார்ச் வரை 11.30 வரை. இரவு உணவு, குழந்தைகளின் படிப்பு, வீட்டுப் பெரியவர்களின் தூக்கம் எல்லாவற்றையும் அந்த இரண்டாவது மணியை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.