முதல் ஆட்டம்: 52 சீட்டு, 4 அறை

மாலை காபி முடிந்ததும் டேப்லெட்டை மடியில் வைத்து நான் ஆடுவது ஃப்ரீசெல். சாலிட்டேர் என்றதும் பலர் நினைக்கும் ஆட்டத்தில் பாதிச் சீட்டு கவிழ்ந்து கிடக்கும். அங்கே நாம் தோற்றால், தோற்றது நம் யோசனையா சீட்டின் விதியா என்று தெரியாது. ஃப்ரீசெல்லில் 52 சீட்டும் முதலிலேயே முகம் காட்டிவிடுகின்றன. அதனால் பதற்றத்துக்கு வேலை இல்லை, பார்த்து யோசிக்க வேண்டியதுதான். எழுபதைத் தாண்டிய எனக்கு இந்த அமைதிதான் பிடித்திருக்கிறது.

பால் ஆல்ஃபில் இதை 1978-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் எழுதினார். ஜிம் ஹார்ன் எழுதிய வடிவம் விண்டோஸ் வழியாக வீடுகளுக்கு வந்தது. அதில் 32,000 ஆட்டங்களுக்கு எண் உண்டு. அத்தனையிலும் தீர்க்கவே முடியாதது 11982 ஒன்றுதான். ஆகவே மாட்டிக்கொண்டால் வேறு வழி ஒன்று இருக்கிறது என்று நம்பித் திரும்பிப் போகலாம்.

விதி எளிது. எட்டு வரிசைகள். முதல் நான்கில் ஏழேழு சீட்டு, மற்றவற்றில் ஆறாறு. கறுப்பின் மேல் சிவப்பு, சிவப்பின் மேல் கறுப்பு என ஒவ்வொன்றாக இறங்குவரிசையில் வைக்க வேண்டும். ஓரமாக நான்கு காலி அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டை நிறுத்திவைக்கலாம். ஏஸ் முதல் ராஜா வரை இனவாரியாக மேல் அடுக்கில் சேர்த்துவிட்டால் வெற்றி.

எண் 1-ஐத் திறந்து பாருங்கள். ஆறாவது வரிசையின் நுனியிலிருந்து உள்நோக்கி டைமண்ட் 3, கிளாவர் 2, கிளாவர் ஏஸ், ஸ்பேடு ஏஸ், கிளாவர் ராணி, ஆர்ட்டின் 7 என்று இருந்தால் உங்கள் செயலியும் விண்டோஸின் எண்களைப் பின்பற்றுகிறது. சீட்டைத் தொடுமுன் ஏஸ்கள் எங்கே என்று தேடுவது என் பழக்கம். இங்கே இரண்டு ஏஸ்கள் ஒரே வரிசையில், மேலே இரண்டே சீட்டோடு இருக்கின்றன. டைமண்ட் 3-ஐயும் கிளாவர் 2-ஐயும் அறைகளில் வைத்தால் கிளாவர் ஏஸ் மேலே போகும், அறையிலுள்ள 2 அதைத் தொடரும், ஸ்பேடு ஏஸும் போகும். செலவு ஒரே ஓர் அறை.

இனி ராணியையும் 7-ஐயும் அறைகளுக்கு எடுத்தால் அந்த வரிசை காலி. ராணியை அங்கேயே திரும்ப வையுங்கள். ஏழாம் வரிசையின் நுனியில் உள்ள கிளாவர் 8 அறைக்கு, அதன் கீழிருந்த ஆர்ட்டின் ஜாக்கி ராணியின் மேல், டைமண்ட் 4 கடைசி அறைக்கு. நான்கு அறையும் நிறைந்துவிட்டன. பழகாதவர்கள் இங்கே பயந்துவிடுவார்கள். ஆனால் ஆர்ட்டின் ஏஸ் வெளியே வந்துவிட்டது. மூன்றாம் வரிசை நுனியில் காத்திருந்த ஆர்ட்டின் 2 அதைப் பின்தொடரும். அடுத்திருக்கும் டைமண்ட் 8 இரண்டாம் வரிசையின் கிளாவர் 9 மேல் போகும். வெளிப்படும் ஸ்பேடு 4 மேல், முதலில் அறைக்கு அனுப்பிய அந்த டைமண்ட் 3 அமரும். ஓர் அறை திரும்பக் கிடைத்துவிட்டது.

நிறைந்த அறைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டியது இதுபோல ஒரு வெளிவழி கண்ணுக்குத் தெரியாதபோதுதான். ஒரு ஏஸ்கூட வராமல் மூன்று அறை போய்விட்டால் நான் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கிவிடுவேன். இழுத்துப் பிடித்து ஆடி ஜெயித்ததாக நினைவில்லை.

மீண்ட அறையில் ஆர்ட்டின் ராஜாவை ஒரு கணம் நிறுத்துங்கள். கிளாவர் 7-ஐ டைமண்ட் 8 மேல் வைத்தால் ஏழாம் வரிசை காலி. ராஜாவை அதில் இறக்கி, ராணியையும் ஜாக்கியையும் சேர்த்து ராஜா மேல் நகர்த்துங்கள். இப்போது எட்டாம் வரிசை நுனியிலுள்ள கிளாவர் 10 ஜாக்கி மேல் வரும். இந்த வரிசைமுறை முக்கியம். 10-ஐ முதலிலேயே வைத்திருந்தால் மூன்று சீட்டாகிவிடும், ஓர் அறை மட்டும் காலியாக இருக்கையில் இரண்டைத்தான் ஒன்றாக நகர்த்த முடியும். காலியான ஆறாம் வரிசையில் கிளாவர் 8, அதன் மேல் ஆர்ட்டின் 7. அறையில் மிச்சம் டைமண்ட் 4 மட்டும்.

செயலி எடுக்கும்போது ஆட்ட எண்ணைத் தட்டிப் போடும் வசதி, பின்னால் போகும் பொத்தான், பெரிய எழுத்துள்ள சீட்டு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நேரக் கடிகாரத்தை மறைத்துவிடுங்கள். விளம்பரம் குறுக்கிட்டால் இணையத்தை அணைத்துப் பாருங்கள். பல செயலிகள் இணையம் இல்லாமலும் ஆடும்.

மேலே நிறுத்திய இடத்திலிருந்து நீங்களே தொடரலாம். முதல் வரிசையில் ஸ்பேடு 2 மீது நான்கு சீட்டு இருக்கிறது. ஸ்பேடு 6 ஆர்ட்டின் 7 மேலும், டைமண்ட் 6 கிளாவர் 7 மேலும் போகும். ஸ்பேடு 3-க்கும் கிளாவர் 4-க்கும் அறைகள் தயாராக இருக்கின்றன.