ஓனர் சார், சுவர் நனைந்து இரண்டு மாதமாகிறது

வாடகை வீட்டில் எது பழுதானாலும் முதலில் போகிறது போன்தான். "சார், பாத்ரூம் சுவர்ல தண்ணி கசியுது." "அப்படியா, ஆள் அனுப்புறேன்." ஒரு வாரம் கழித்து இன்னொரு போன். பிறகு வாடகை கொடுக்கும்போது ஒரு நினைவூட்டல். அதன்பின் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது ஒரு வார்த்தை. இப்படி ஏழெட்டு முறை சொன்ன பிறகும், என்றைக்குச் சொன்னீர்கள் என்று யாராவது கேட்டால் "எத்தனையோ தடவை சொல்லியாச்சு" என்பதைத் தவிரக் குடியிருப்பவரிடம் பதில் இருப்பதில்லை.

சட்டம் கேட்பதோ அந்தத் தேதியைத்தான். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 108-வது பிரிவு குத்தகைக்கு விட்டவர், எடுத்தவர் இருவரின் உரிமைகளையும் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பு ஒன்றை, அவருக்கு அறிவிப்புக் கொடுத்து நியாயமான காலம் கடந்த பிறகும் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே அதைச் செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம் என்று அதில் ஓர் உட்பிரிவு உண்டு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராத வரை இது பொருந்தும். நியாயமான காலம் என்பது எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அது எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில் சந்தேகமே இல்லை. அறிவிப்பு போன நாளிலிருந்து. ஆகவே அந்த நாளை நிரூபிக்க முடியாதவருக்கு இந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

சென்னையில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்றாம் மாடி ஃபிளாட், மாத வாடகை 18,000 ரூபாய். 2025 ஏப்ரல் தொடக்கத்தில், குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் கொப்பளிக்கிறது. தொட்டால் ஈரம். ஜூன் மாதம் ஈரம் ஸ்விட்ச் போர்டு வரை ஏறி, எம்.சி.பி. தானாக விழுகிறது. இதற்கிடையே ஓனரிடம் பேசியாயிற்று, அவர் ஒருமுறை வந்து பார்த்தாயிற்று, பிளம்பரும் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வேலை மட்டும் நடக்கவில்லை.

கடிதம் எழுத உட்காருமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: இது யார் செலவு? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டம், அதாவது சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், தன் இரண்டாம் அட்டவணையில் வேலைகளைப் பங்கு பிரித்திருக்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது பைப் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை ஓனர் பக்கம். டேப்பும் அதன் வாஷரும், வாஷ் பேசின், கெய்சர், ஸ்விட்ச், கதவுப் பூட்டு போன்றவை குடியிருப்பவர் பக்கம். டேப் சொட்டுகிறது என்று ஓனருக்குக் காட்டமாக எழுதினால் அவர் இந்த அட்டவணையைத் திருப்பிக் காட்டலாம். சுவருக்குள் புதைந்த பைப் ஒழுகினால் நிலைமை தலைகீழ்.

ஒழுகுவது பைப்தானா என்பதையும் ஓரளவு வீட்டிலேயே அறியலாம். மழையே இல்லாத நாட்களில் ஈரம் பரவினால் மொட்டை மாடி, வெளிச்சுவர் மீதான சந்தேகம் குறைகிறது. இரண்டு நாள் குளியலறையைப் பயன்படுத்தாமல் விட்டும் ஈரம் ஏறிக்கொண்டே இருந்தால், எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும் வரத்து பைப்பில் கசிவு இருக்கலாம். குளித்த பிறகு மட்டும் கூடினால் கழிவு பைப்போ டைல்ஸ் இடுக்கோ காரணமாகலாம். மேல் வீட்டுக் குளியலறையிலிருந்தும் இறங்கலாம். அப்படியானால் நம் ஓனர் அந்த வீட்டு ஓனரோடும் அசோசியேஷனோடும் பேசவேண்டி வரும். எதுவாயினும் கடிதத்தில் "பைப் உடைந்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதாமல், கண்ணால் கண்டதை எழுதுவதே நல்லது. நாளைக்குக் காரணம் வேறு என்று தெரிந்தாலும் கண்டது பொய்யாகாது.

இன்னொரு சின்ன வேலையும் உண்டு. ஈரம் எதுவரை வந்திருக்கிறதோ அந்த ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியைக் குறித்து, அளவு டேப்பையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். சில வாரம் கழித்து அடுத்த கோடு. சுவரே சாட்சி சொல்லத் தொடங்கும்.

இனி அந்த மின்னஞ்சல். 2025 ஜூன் 14 அன்று எழுதப்படுவதாக வைத்துக்கொண்டால் இப்படி இருக்கலாம்:

"பொருள்: மூன்றாம் மாடி ஃபிளாட், படுக்கையறைச் சுவரில் நீர்க்கசிவு. ஏப்ரல் 9-இல் தெரிவித்தது, இன்னும் சரிசெய்யப்படவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் 2025 ஏப்ரல் 7 அன்று ஈரத்தைக் கண்டோம். ஏப்ரல் 9 அன்று போனில் தங்களுக்குத் தெரிவித்தேன். ஏப்ரல் 14 அன்று தாங்கள் நேரில் வந்து பார்த்தீர்கள். மே 3 அன்று தாங்கள் அனுப்பிய பிளம்பர் சுவரைத் தட்டிப் பார்த்து, டைல்ஸை எடுத்து உள் பைப்பை மாற்ற வேண்டும் என்றார். அதன்பின் அவர் வரவில்லை. மே 19 அன்று வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினேன். அன்று தரையிலிருந்து 2 அடி உயரம் இருந்த ஈரம் இப்போது 4 அடியைத் தாண்டிவிட்டது. ஜூன் 12 இரவு அந்த அறையின் எம்.சி.பி. விழுந்தது. பாதுகாப்புக்காக அந்த இணைப்பை அணைத்து வைத்திருக்கிறோம்.

தாங்கள் செய்து தர வேண்டுவது: கசிவின் காரணத்தைக் கண்டு சரிசெய்தல், அந்தச் சுவரின் ஒயரிங்கை எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்தல், சுவர் காய்ந்த பிறகு பூச்சும் பெயிண்டும். முதல் இரண்டு வேலைகளும் ஜூன் 28-க்குள் முடிய வேண்டுகிறேன். ஆள் வரும் நாளை ஜூன் 18-க்குள் தெரிவித்தால் வீட்டில் இருப்பேன். மற்ற நாட்களில் மாலை 6 மணிக்கு மேல், சனி ஞாயிறில் நாள் முழுதும் வசதிப்படும். ஜூன் மாத வாடகை 5-ஆம் தேதி செலுத்தப்பட்டுவிட்டது. தேதியிட்ட நான்கு படங்களை இணைத்துள்ளேன். நன்றி."

கோபமான வரி ஒன்றுகூட இதில் இல்லை. பொறுமைசாலி எழுதியது என்பதால் அல்ல. "பலமுறை சொல்லியும் கண்டுகொள்ளவில்லை" என்று எழுதினால் ஓனர் "இல்லையே" என்று ஒரே சொல்லில் மறுத்துவிடலாம். "ஏப்ரல் 14 அன்று தாங்கள் வந்து பார்த்தீர்கள்" என்பதை மறுப்பது அவ்வளவு எளிதல்ல. அது உண்மையில்லை என்றால் உடனே பதில் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் அந்த மௌனமும் பிற்காலத்தில் குடியிருப்பவருக்குச் சாதகமாகப் பேசும். ஒரே ஒரு நிபந்தனை: தேதிகள் சரியாக இருக்க வேண்டும். போனின் அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றைப் பார்த்தே எழுத வேண்டும். உறுதியாகத் தெரியாத நாளை "ஏப்ரல் இரண்டாம் வாரம்" என்று போட்டால் போதும். ஒரு தேதி தப்பினாலும் மற்ற ஐந்தும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

வேண்டுகோளில் இரண்டு தேதிகள் இருப்பதும் காரணத்தோடுதான். சுவரை உடைக்கும் வேலைக்கு ஆள், டைல்ஸ் எல்லாம் ஏற்பாடு செய்ய இரண்டு வாரம் கொடுப்பது யார் கண்ணுக்கும் நியாயமாகப் படும். பதில் சொல்வதற்கு நான்கு நாள் போதும். பெயிண்டுக்குத் தேதி குறிக்காததும் வேண்டுமென்றே. ஈரச் சுவரில் அவசரப்பட்டுப் பூசினால் அது மறுபடி உரிந்துவரும். "உடனடியாக" என்ற சொல்லுக்குக் கெடுவும் இல்லை, கெடு மீறலும் இல்லை.

ஓனர்கள் எல்லோரும் வேண்டுமென்றே இழுத்தடிப்பவர்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வயதான ஓனர், வெளியூரில் இருக்கும் மகனிடம் கேட்டுத்தான் பணம் எடுப்பார். அவருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வசதிதான்: அப்படியே மகனுக்கும் பிளம்பருக்கும் அனுப்பிவிடலாம். மின்னஞ்சலே பார்க்காதவர் என்றால் இதே கடிதத்தை அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தலாம்; அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் போடலாம். தானாக மறையும் செய்திகள் வசதி அந்த உரையாடலில் இயங்குகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்னஞ்சல் எழுத்து மூலமான அறிவிப்பாகுமா என்பவர்களுக்கு, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 4-வது பிரிவில் விடை தருகிறது: எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் சொன்னால், பின்னர் எடுத்துப் பார்க்கக்கூடிய மின்னணு வடிவமும் அதை நிறைவேற்றும். நீதிமன்றத்தில் அதன் நகலைக் காட்ட, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். குடியிருப்பவர் செய்ய வேண்டியது அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காமல் இருப்பதுதான்.

ஜூன் 28 கடந்தும் யாரும் வரவில்லை என்றால்? பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக இரண்டாவதை எழுத வேண்டும். முதல் கடிதமும் தேதியும் அடியிலேயே நிற்கும். இரண்டு பிளம்பர்களிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி இணைத்து, குறித்த நாளுக்குள் வேலை தொடங்காவிட்டால் தாமே செய்து செலவை வாடகையில் கழிக்கப்போவதாகச் சொல்லலாம். மதிப்பீடு 9,500 ரூபாய் என்றால், பில்லோடு அதை இரண்டு மூன்று மாத வாடகையில் பிரித்துக் கழிப்பதே விவேகம்.

வாடகையை அடியோடு நிறுத்துவது மட்டும் கூடாது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டு மாத வாடகை பாக்கி, ஓனர் கேட்டும் கட்டப்படாமல் நின்றால், அது வெளியேற்றம் கோர அவருக்கே ஒரு காரணமாகிவிடும். ஒழுகும் பைப் பின்னுக்குப் போய், வழக்கு வாடகை பாக்கியைப் பற்றியதாக மாறிவிடும். வாடகை நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வந்தால் எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இருப்பது பெரிய பலம். வாய்ப்பேச்சில் குடியேறியவர்களுக்கு வழி கரடுமுரடு.

வேலை முடிந்தாலும் இந்த மின்னஞ்சல்களை அழிக்க வேண்டாம். காலி செய்யும் நாளில், சுவர் பாழானதற்காக அட்வான்ஸில் பிடித்தம் போட ஓனர் முனைந்தால், ஈரம் எப்போது வந்தது, யாருக்கு எப்போது தெரியும் என்பதற்கு ஜூன் 14 கடிதமும் அந்த நான்கு படங்களும்தான் பதில்.