முதலில் துடிப்பை அடக்கு

1950களில் அமெரிக்க வான்கோழிப் பண்ணைக்காரர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. நன்றாகத் தின்று கொழுத்து, விற்பனைக்குத் தயாராக நின்ற பறவைகள் திடீரென்று சுருண்டு விழுந்து செத்தன. அறுத்துப் பார்த்தால் உள்ளே ரத்தம் தேங்கியிருக்கும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழிந்திருக்கும். தீவனத்தில் ரெசர்பின் என்ற மருந்தைச் சிறிதளவு கலந்து கொடுத்ததும் சாவு குறைந்தது. அந்த மருந்து எங்கிருந்தோ வந்ததல்ல. நம் நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய சர்ப்பகந்தா வேரின் சத்துதான் அது. அந்த வேர் ரத்தக் கொதிப்பைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதி உலகுக்குக் காட்டியிருந்தார்.

வான்கோழிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேர்கிறது. மருத்துவமனைகளில் இதை ‘அயோர்ட்டிக் டிசெக்‌ஷன்’ என்பார்கள், தமிழில் பெருந்தமனிப் பிளவு. பெருந்தமனியின் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. உள் அடுக்கில் ஓர் இடத்தில் கிழிசல் விழுந்தால், ரத்தம் அந்த வழியாக நடு அடுக்குக்குள் பாய்ந்து, பூச்சு சுவரை விட்டு உப்பிக்கொள்வதுபோல அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும். நிஜக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பொய்க் குழாய் உருவாகிவிடும். வெளி அடுக்கும் உடைந்தால் அதோடு கதை முடிந்தது. உடையாவிட்டாலும், அந்தப் பொய்க் குழாய் மூளைக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் கிளைகளை நெரித்து அடைக்கும்.

கிழிசல் என்றதும் தைக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஃப்ளோரிடாவில் இருந்த மைரன் வீட் என்ற அறுவை மருத்துவர் வேறு விதமாக யோசித்தார். கிழிசலை மேலும் மேலும் நீட்டுவது எது என்பதுதான் அவருடைய கேள்வி. ரெசர்பின் உள்ளிட்ட மருந்துகளால் அழுத்தத்தையும் இதயத்தின் உதையையும் தணித்து, அறுவையே இல்லாமல் சில நோயாளிகளைக் காப்பாற்றியதை 1965இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள்.

1970இல் அவர் குழு செய்த சோதனை இன்னும் தெளிவானது. பிளாஸ்டிக் குழாய்க்குள் ரப்பர் பசையால் ஒரு மெல்லிய உள் பூச்சு பூசி, அதில் வேண்டுமென்றே ஒரு கீறல் போட்டார்கள். திரவத்தைச் சீராக, துடிப்பில்லாமல் ஓட விட்டபோது அழுத்தத்தை 400 மி.மீ. வரை ஏற்றியும் கீறல் நீளவில்லை. அதே திரவத்தை இதயம்போல விட்டுவிட்டுத் தள்ளியதும் பூச்சு பிரிந்து ஓட ஆரம்பித்தது. ஆக, வெறும் அழுத்தம் மட்டும் எதிரியல்ல. ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தம் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதும், அப்படிப்பட்ட உதை நிமிடத்துக்கு எத்தனை விழுகிறது என்பதும்தான் கிழிசலை நீட்டுகின்றன. இன்றைய சிகிச்சையின் முதல் அரை மணி நேரம் முழுக்க இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஐம்பத்தைந்து வயது லாரி ஓட்டுநர். பிரஷர் மாத்திரையை நிறுத்திச் சில மாதம் ஆகிறது. சாப்பிட்டுக் கை கழுவும்போது நெஞ்சில் யாரோ கத்தியால் கிழித்ததுபோல ஒரு வலி. சிறிது நேரத்தில் அது முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே இறங்குகிறது. அவசரப் பிரிவில் வலது கையில் பிரஷர் 190/110, இடது கையில் 150/90, நாடி 104. இந்த வேறுபாடே ஒரு துப்பு. இடது கைக்குப் போகும் கிளையைப் பொய்க் குழாய் நெரிக்கிறது. எந்தக் கையை நம்புவது? கூடுதலாகக் காட்டும் கையைத்தான். குறைவாகக் காட்டும் கையை நம்பினால், பிரஷர் கட்டுக்குள் வந்துவிட்டது என்று மருத்துவர் ஏமாந்துபோவார்.

முதலில் வலிக்கு மார்ஃபின் அல்லது ஃபென்டனில். வலி தானே பிரஷரை ஏற்றும். உடனே ரத்தக்குழாய் வழியாக எஸ்மலால் அல்லது லாபெட்டலால். இவை பீட்டா பிளாக்கர் குணமுள்ள மருந்துகள், இதயம் உதைக்கும் வேகத்தையும் வலுவையும் ஒருசேரக் குறைக்கும். இலக்கு நாடி 60க்குக் கீழ், மேல் பிரஷர் 100க்கும் 120க்கும் இடையே. நாடி 104இலிருந்து 60க்கு வந்தால், கிழிசலின் மேல் விழும் உதைகள் ஒரு மணி நேரத்தில் 2,640 குறையும்.

தவறு நடப்பது இந்த வரிசையில்தான். 190 என்று பார்த்ததும் கை தானாக நைட்ரோகிளிசரின் சொட்டு மருந்தை நோக்கிப் போகும். அது குழாய்களை விரித்துப் பிரஷரை இறக்கும், உண்மைதான். ஆனால் பிரஷர் சரிவதை உடல் ஆபத்தாக எடுத்துக்கொண்டு இதயத்தை முடுக்கிவிடும். திரையில் எண் 150க்கு வந்து எல்லோரும் மூச்சு விடும்போது நாடி 125ஐத் தொட்டிருக்கும், கிழிசலும் நீண்டுகொண்டிருக்கும். அதனால் நாடியை முதலில் அடக்கிவிட்டு, அப்போதும் பிரஷர் இறங்காவிட்டால் மட்டுமே விரிக்கும் மருந்தைச் சேர்ப்பார்கள். நோயாளி தெளிவாகப் பேசுகிறாரா, சிறுநீர் போகிறதா என்பதையும் கவனித்தபடியே இறக்க வேண்டும். வந்தபோதே பிரஷர் 80 என்றால் இந்தச் சூத்திரம் பொருந்தாது. இதய உறைக்குள் ரத்தம் கசிந்து இதயத்தை அமுக்கியிருக்கலாம். அவருக்குத் துடிப்பை அடக்கும் மருந்தே ஆபத்தாகிவிடும், அறுவை அரங்குதான் வழி.

இதற்கிடையே சி.டி. ஆஞ்சியோ எடுத்துப் பிளவு எங்கே என்று பார்ப்பார்கள். இதயத்திலிருந்து மேல்நோக்கி எழும் பகுதியைப் பிளவு தொட்டிருந்தால் அது ‘ஏ’ வகை. தொடாமல் கீழிறங்கும் பகுதியில் மட்டும் இருந்தால் ‘பி’ வகை. ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1970இல் வகுத்த முறை இது. மேலெழும் பகுதிக்கு ஏன் இத்தனை பயம்? இதய உறை, இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி குழாய்கள், வால்வு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ‘ஏ’ என்றால் இரவோ பகலோ உடனே அறுவை. ‘பி’ பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்தாலேயே சமாளிக்கப்படும். குடலுக்கோ காலுக்கோ ரத்தம் நின்றால், அல்லது குழாய் உடையத் தொடங்கினால், தொடை வழியாக உறையிட்ட ஸ்டென்ட் வைப்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கிழிசல் விழுந்த இடமும் பிளவு பரவிய இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கீழே கிழிந்து மேல்நோக்கிப் பரவினாலும் ஸ்டான்ஃபோர்டு கணக்கில் அது ‘ஏ’தான். கிழிசல் தொடங்கிய இடத்தையும் கணக்கில் கொண்டு, அதற்கு முன்பே மூன்று வகை பிரித்தவர் ஹூஸ்டனின் மைக்கேல் டிபேக்கி. இந்த அறுவைக்கு முன்னோடியும் அவரே. 2005 டிசம்பர் 31 அன்று, தம் 97ஆம் வயதில், அவருக்கே இந்த நோய் வந்தது. மாரடைப்பு என்று முதலில் நினைத்தவர் சற்று நேரத்தில் நோயைச் சரியாகவே ஊகித்துக்கொண்டார், ஆனால் அறுவைக்கு இசையவில்லை. நிலைமை மோசமாகி 2006 பிப்ரவரியில் அவருடன் பணியாற்றியவர்களே சுமார் ஏழு மணி நேரம் அறுவை செய்தார்கள். 2008 ஜூலையில், நூறை நெருங்கும் வயதில் காலமானார்.

டிபேக்கிக்கே மாரடைப்பாகத் தோன்றியது என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. பிளவு கரோனரி குழாயை அடைத்தால் ஈ.சி.ஜி.யும் மாரடைப்பு என்றே காட்டும். அந்த நேரத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டால் விபரீதம். எனவே நெஞ்சு வலியோடு ஒருவரை அழைத்துப் போகிறவர்கள் சில விஷயங்களை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வலி மெல்லக் கூடியதா, முதல் நொடியிலேயே உச்சத்தில் இருந்ததா? முதுகுக்கு நகர்ந்ததா? பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறாரா? குடும்பத்தில் யாராவது இப்படித் திடீரென்று இறந்திருக்கிறார்களா? கூடவே, இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.