செப்டம்பர் 13 அன்று என்ன ஷிப்ட்?

மார்ச் மாதம். தங்கைக்கு வரன் அமைந்துவிட்டது. ஆவணி கடைசி ஞாயிறு, 2026 செப்டம்பர் 13 அன்று காலை முகூர்த்தம்; முதல் நாள் மாலை வரவேற்பு. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் வீட்டில் அண்ணனிடம் கேட்கிறார்கள்: “அன்னைக்கு உனக்கு என்ன ஷிப்ட்?” அண்ணனை செல்வம் என்று வைத்துக்கொள்வோம். இருபத்து நான்கு மணி நேரமும் நிற்காமல் ஓடும் ஆலையில் வேலை. தொழிற்சாலைச் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலோ இந்த மாதத்தோடு முடிந்துவிடுகிறது.

அந்தப் பட்டியல் செப்டம்பர் வரை நீண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் தெரிந்தால், செல்வம் அங்கேயே நின்று பதில் சொல்லிவிடலாம்.

அவருடைய ஆலையில் நான்கு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் இரண்டு நாள் காலை ஷிப்ட், இரண்டு நாள் மதிய ஷிப்ட், இரண்டு நாள் நைட், பிறகு இரண்டு நாள் ஓய்வு என்று சுற்றி வரும். காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 10 மணி ஆகியவை ஆள் மாறும் நேரங்கள். எட்டு நாளில் ஒரு சுற்று முடிந்து, ஒன்பதாம் நாள் மறுபடி காலை ஷிப்ட். பல நாடுகளில் புழங்கும் இந்த அமைப்பை பிரிட்டனில் ‘மெட்ரோபாலிடன்’ முறை என்பார்கள்.

வாரத்துக்கு ஏழு நாள், சுற்றுக்கு எட்டு நாள். குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. இந்த ஞாயிறு ஓய்வு என்பதால் அடுத்த ஞாயிறும் ஓய்வு என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஓய்வு ஒரு கிழமை தள்ளிப்போகும். சனியும் ஞாயிறும் சேர்ந்து ஓய்வாக வருவது 56 நாளுக்கு ஒருமுறைதான். எனவே கிழமையை மறந்துவிட்டு நாள்களை மட்டும் எண்ண வேண்டும்.

முதலில் ஒரு தொடக்க நாள் வேண்டும். தன் குழு முதல் காலை ஷிப்டுக்குப் போன, சந்தேகமே இல்லாத ஒரு தேதி. செல்வத்துக்கு அது 2026 மார்ச் 10. அந்த நாளுக்கு எண் 0. மறுநாள் 1. இந்த இரண்டும் காலை. 2, 3 மதியம். 4, 5 நைட். 6, 7 ஓய்வு. இனி எந்தத் தேதியைக் கேட்டாலும், தொடக்க நாளிலிருந்து எத்தனை நாள் கடந்திருக்கிறது என்று எண்ணி, எட்டால் வகுத்து, மீதியைப் பார்த்தால் போதும்.

மார்ச் 10 முதல் செப்டம்பர் 10 வரை இடையில் ஆறு மாதங்கள்: 31, 30, 31, 30, 31, 31. மொத்தம் 184 நாள். மேலும் மூன்று நாள் சேர்த்தால் செப்டம்பர் 13-க்கு 187. எட்டால் வகுத்தால் 23 முழுச் சுற்றுகள் போக மீதி 3. அதாவது இரண்டாவது மதிய ஷிப்ட். காலை முகூர்த்தத்தில் செல்வம் இருக்கலாம். சாப்பிட்டுவிட்டு 2 மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். ஆனால் 12-ஆம் தேதிக்கு மீதி 2, முதல் மதிய ஷிப்ட். வரவேற்பு நடக்கும் நேரத்தில் அவர் ஆலைக்குள் இருப்பார்.

யாரோடு ஷிப்ட் மாற்றிக்கொள்வது? அதற்கும் இதே கணக்குதான். மற்ற மூன்று குழுக்களும் செல்வத்தின் குழுவிலிருந்து இரண்டிரண்டு எண் தள்ளி நிற்கின்றன. செப்டம்பர் 12 அன்று செல்வம் 2 என்றால் மற்றவர்கள் 4, 6, 0. எண் 6-க்கு அன்று ஓய்வு என்றாலும், அவர் அன்று காலை 6 மணிக்குத்தான் நைட் முடித்து வெளியே வந்திருப்பார். எட்டே மணி நேரத்தில் திரும்பி வரச் சொல்வது நியாயமில்லை. எண் 0-வில் இருப்பவரோ இரண்டு நாள் ஓய்வு முடிந்து காலை ஷிப்டுக்கு வருகிறவர். அவர் மதியம் வந்து, செல்வம் காலை போகலாம். மேலதிகாரி அனுமதித்தால் வரவேற்பும் தப்பாது.

கணக்கு எளிது, தவறு நேரும் இடங்களும் தெரிந்தவைதான். அடிக்கடி நடப்பது, தொடக்க நாளையும் சேர்த்து எண்ணிவிடுவது. அப்படி எண்ணினால் 187 என்பது 188 ஆகும், மீதி 4, பதில் நைட். ஒரே ஒரு நாள் பிசகினால் ஷிப்டே மாறிப்போகும். தொடக்க நாள் 1 அல்ல, 0 என்பதை நினைவில் வைத்தால் இது நேராது.

அடுத்தது நைட் ஷிப்ட். செப்டம்பர் 14-க்கு மீதி 4. அந்த நைட் 14-ஆம் தேதி இரவு 10 மணிக்குத் தொடங்கி 15-ஆம் தேதி காலை 6 மணிக்கு முடியும். ஆகவே 15-ஆம் தேதி அதிகாலை ஊரில் இருக்க முடியுமா என்று யாராவது கேட்டால், பார்க்க வேண்டியது 14-இன் எண்ணை. சில இடங்களில் நைட் ஷிப்டை அது முடியும் தேதியில் பதிவு செய்வார்கள். தங்கள் ஆலையின் வழக்கம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தொடக்க நாளை எழுத வேண்டும்.

கணினியில் எக்செல் வைத்திருப்பவர்கள் A1 கட்டத்தில் தொடக்க நாளையும் B1 கட்டத்தில் கேட்கும் தேதியையும் இட்டு, மூன்றாவது கட்டத்தில் இதை எழுதலாம்:

```
=CHOOSE(MOD(B1-A1,8)+1,"காலை","காலை","மதியம்","மதியம்","நைட்","நைட்","ஓய்வு","ஓய்வு")
```

தேதியை 10-03-2026 என்று தட்டும்போது கொஞ்சம் கவனம் தேவை. அமெரிக்க முறையில் அமைத்த கணினி அதை அக்டோபர் 3 என்று எடுத்துக்கொள்ளும். மாதத்தை எழுத்தில் காட்டும்படி அமைத்தால் தவறு கண்ணில் பட்டுவிடும்.

கையால் போட்டாலும் கணினியில் போட்டாலும் விடையைச் சோதித்த பிறகே நம்ப வேண்டும். கடந்த மாதத்தில் தான் வேலைக்குப் போன இரண்டு மூன்று தேதிகளைப் போட்டுப் பார்த்து, வருகைப் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். மார்ச் 20-க்கு மீதி 2, மதிய ஷிப்ட் என்று வர வேண்டும். ஒரு தேதி பொருந்தாவிட்டாலும் தொடக்க நாள் தப்பு, அல்லது சுற்றின் நீளம் தப்பு. எட்டு நாள் சுற்று இல்லாத ஆலைகளில் எட்டுக்குப் பதில் அங்குள்ள நாள் எண்ணிக்கையை வைத்து, வரிசையையும் அதற்கேற்ப எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு சொல்வது குழுவின் முறையை மட்டுமே. செல்வத்தை வேறு குழுவுக்கு மாற்றினாலோ, நிர்வாகம் சுற்றைப் புதிதாகத் தொடங்கினாலோ பழைய தொடக்க நாள் அன்றோடு செல்லாது. அதை அடித்துவிட்டு, புதிய முறையில் வரும் முதல் காலை ஷிப்டின் தேதியை எழுதிக்கொள்ள வேண்டும். ஒருநாள் ஷிப்ட் மாற்றிக்கொண்டதற்கு இது தேவையில்லை. குழு அதன் வழியில்தான் போய்க்கொண்டிருக்கும்.

365-ஐ எட்டால் வகுத்தால் மீதி 5. ஆகவே அதே தேதி அடுத்த ஆண்டு ஐந்து எண் முன்னால் போகும்; இடையில் பிப்ரவரி 29 வந்தால் ஆறு. தங்கையின் முதல் திருமண நாளான 2027 செப்டம்பர் 13-க்கு 3-உம் 5-உம் சேர்ந்து 8, அதாவது 0. முறை மாறாதிருந்தால் செல்வத்துக்கு அன்று காலை ஷிப்ட். மதியம் 2 மணிக்கு மேல் தங்கை வீட்டுக்குப் போய்வரலாம்.