வராத வாட்ஸ்அப் குறியீடு: எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் காத்திருப்பது?

புதிய போனில் வாட்ஸ்அப் கணக்கைத் திறக்கும்போது, அந்த எண் தன்னிடம்தான் இருக்கிறது என்பதைப் பயனர் காட்ட வேண்டும். எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஆறு இலக்கக் குறியீடுதான் அதற்குச் சாட்சி. வழக்கமாகச் சில நொடிகளில் வந்துவிடும். வராவிட்டால், திரையில் ஒரு நேரக்கணக்கு இறங்கிக்கொண்டிருக்கும். அது முடிந்ததும் குறுஞ்செய்தியை மீண்டும் கேட்கலாம், அல்லது அழைப்பு மூலம் குறியீட்டைச் சொல்லச் சொல்லலாம். அழைப்பும் வராமல், மறுபடி கேட்டால் பல மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் கட்டத்தில்தான் பலர் திகைத்து நிற்கிறார்கள். அந்த நிலைக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கும். முதலாவது, குறியீட்டை வழியில் தடுத்த ஏதோ ஒன்று. இரண்டாவது, அது என்னவென்று பார்ப்பதற்கு முன் திரும்பத் திரும்பக் கேட்டது.

குறியீடு வாட்ஸ்அப் நிறுவனத்திடமிருந்து நேராகக் கைக்கு வருவதில்லை. மொத்தமாகச் செய்தி அனுப்பும் இடைநிலை நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து பயனரின் தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்தை அடைகிறது. அந்த சிம் இப்போது எந்தப் பகுதியில் இயங்குகிறது என்று அந்த மையம் நிறுவனத்தின் பதிவேட்டில் கேட்கிறது. பதில் கிடைத்தால் அந்தப் பகுதியின் கோபுரம் வழியாகச் செய்தி போனுக்கு வரும். போன் அணைந்திருந்தாலோ, சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தாலோ, மையம் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு இடைவெளி விட்டு மறுபடி முயலும். அதனால்தான் சில குறியீடுகள் ஒரு மணி நேரம் கழித்து மூன்று நான்காகச் சேர்ந்து வந்து விழுகின்றன. அவற்றில் கடைசியாகக் கேட்டதற்கு உரியது மட்டுமே செல்லும். முதலில் கண்ணில் படுவதைத் தட்டினால் ‘தவறான குறியீடு’ என்று வருவது இதனால்தான்.

எவ்வளவு நேரம் பொறுப்பது? திரையில் ஓடும் நேரம் முடியும்வரை காத்திருங்கள், அதற்குப் பத்து நிமிடம்வரை ஆகலாம் என்பதே வாட்ஸ்அப் தரும் அறிவுரை. குறியீட்டை ஊகித்துத் தட்டக் கூடாது என்றும் அது எச்சரிக்கிறது. ஆறு இலக்கத்தில் அமையக்கூடிய எண்கள் பத்து லட்சம். ஒரு கணினி நிரலுக்கு இது பெரிய எண்ணிக்கை அல்ல. முயற்சிகளுக்கு எல்லை இல்லாவிட்டால் யாருடைய கணக்கையும் ஊகித்தே திறந்துவிடலாம். எனவே குறியீட்டைக் கேட்பதற்கும் தட்டுவதற்கும் தனித்தனியே வரம்பு உண்டு. ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் காத்திருக்கும் நேரம் நீளும். முதலில் நிமிடக் கணக்கில் இருப்பது பிறகு மணிக் கணக்காகும். பன்னிரண்டு மணி நேரம் பூட்டப்பட்டவர்களும் உண்டு.

இந்தப் பூட்டு விழுவது போனின் மேல் அல்ல, எண்ணின் மேல். செயலியை அழித்து மீண்டும் நிறுவுவதோ, சிம்மை வேறு போனில் போடுவதோ இதனால் பயன் தராது. முதல் முறை கேட்கும்போதே ‘பலமுறை முயன்றுவிட்டீர்கள்’ என்று சிலருக்கு வருவதற்கும் இதுவே காரணம். வேறு யாரோ அந்த எண்ணைத் தவறுதலாகவோ வேண்டுமென்றோ தட்டிக்கொண்டிருந்திருப்பார். ஸ்பெயினைச் சேர்ந்த இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2021-இல் இதைச் செய்து காட்டினார்கள். ஒருவருடைய எண்ணுக்குத் தொடர்ந்து குறியீடு கேட்டால், பன்னிரண்டு மணி நேரத் தடை அந்த எண்ணுக்கு உரியவரையும் சேர்த்தே பிடித்தது.

குறியீட்டைத் தடுக்கும் காரணங்களில் இந்தியாவில் அதிகம் அறியப்படாதது சிம் மாற்றம். தொலைந்த சிம்முக்குப் பதிலாகவோ, பழையதைப் புதிய தலைமுறைக்கு மாற்றவோ அதே எண்ணில் புதிய சிம் வாங்கினால், அது இயங்கத் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரவும் கூடாது, அங்கிருந்து போகவும் கூடாது. மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில் எல்லா நிறுவனங்களுக்கும் இட்ட உத்தரவு இது. பிறருடைய எண்ணுக்குப் போலி ஆவணம் காட்டி மறு சிம் வாங்கி, வங்கியின் ஓடிபியைப் பிடித்துப் பணத்தைச் சுருட்டும் மோசடி அப்போது பெருகியிருந்தது. தன் சிம் செத்துவிட்டதை உண்மையான உரிமையாளர் கவனித்துப் புகார் செய்ய ஒரு நாள் அவகாசம் வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் புது சிம்மை வாங்கிச் செல்பவரிடம் இதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் எத்தனையோ பேரின் அலைச்சல் மிச்சமாகும்.

இப்படி ஒரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். மதுரையில் ஒருவர் திங்கட்கிழமை காலை பேருந்தில் போனைத் தொலைக்கிறார். மதியம் புது போனும் அதே எண்ணுக்குப் புது சிம்மும் வாங்குகிறார். மூன்று மணிக்கு சிம் உயிர் பெறுகிறது. அழைப்பு வருகிறது, இணையம் ஓடுகிறது. மூன்று பத்துக்கு வாட்ஸ்அப் குறியீட்டைக் கேட்கிறார், வரவில்லை. நேரக்கணக்கு முடிந்ததும் மீண்டும் குறுஞ்செய்தியையே கேட்கிறார், பிறகு மறுபடியும். இப்போது திரை பல மணி நேரம் காட்டுகிறது. சிக்னல் முழுதாக இருப்பதால் அவர் வாட்ஸ்அப்பைக் குறை சொல்கிறார். உண்மையில் செவ்வாய் மதியம் மூன்று மணிவரை எந்தக் குறுஞ்செய்தியும் அந்த எண்ணுக்கு வராது. கேட்க வேண்டியிருந்தது அழைப்பைத்தான், ஏனென்றால் அந்த 24 மணி நேரத் தடை குறுஞ்செய்திக்கு மட்டுமே. முதல் நேரக்கணக்கு முடிந்ததுமே அழைப்பைத் தேர்ந்திருந்தால் ஒரு தானியங்கிக் குரல் ஆறு எண்களையும் சொல்லியிருக்கும். இந்த நிலையில் இருப்பவர் தம் போனிலிருந்து வீட்டார் ஒருவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும், அதுவும் போகாது.

சிம் பழையதாகவே இருந்தால் வேறு சோதனை வேண்டும். நண்பர் அனுப்பும் குறுஞ்செய்தி வந்து சேர்வது போதிய சான்று ஆகாது. மனிதர் மனிதருக்கு அனுப்புவதும் நிறுவனம் மனிதருக்கு அனுப்புவதும் ஒரே வழியில் வருவதில்லை. இந்தியாவில் நிறுவனங்களின் செய்திகள், அனுப்புநர் பெயரும் செய்தியின் வடிவமும் முன்பே பதிவானவையா என்று சரிபார்க்கப்பட்ட பிறகே கடந்து வருகின்றன. இந்தச் சரிபார்ப்பு 2021 மார்ச் 8-ஆம் தேதி முழு வீச்சில் தொடங்கியபோது நாடெங்கும் ஓடிபிகள் சிக்கிக்கொண்டன. மறுநாளே ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. ஆகவே வங்கிச் செயலியிலோ எரிவாயுப் பதிவிலோ ஒரு ஓடிபி கேட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. அதுவும் வராவிட்டால் குறை சிம்மிலோ தொலைபேசி நிறுவனத்திலோ இருக்கிறது. ரீசார்ஜ் காலாவதியானது, வெளிநாட்டில் ரோமிங் திட்டம் இல்லாமல் இருப்பது, எண்ணை வேறு நிறுவனத்துக்கு அப்போதுதான் மாற்றியது ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். வங்கி ஓடிபி மட்டும் வந்தால், செய்தி பெட்டியின் ‘ஸ்பேம்’ பகுதியையும் தடுக்கப்பட்ட எண்களையும் திறந்து பார்ப்பது நல்லது. பிறகு நாட்டுக் குறி. இந்திய எண் என்றால் +91-ஐ அடுத்துப் பத்து இலக்கம் மட்டுமே, முன்னால் பூஜ்யம் கூடாது.

வீட்டில் ஒரு சிம் பட்டன் போனில் இருக்க, வாட்ஸ்அப் வேறு ஸ்மார்ட்போனில் ஓடுவது நம் ஊரில் சகஜம். அந்தப் பட்டன் போனின் செய்திப் பெட்டி பழைய விளம்பரங்களால் நிரம்பியிருந்தால் புதிய செய்தியை அது ஏற்காது. இருபது செய்திகளை அழித்துவிட்டுப் போனை ஒருமுறை அணைத்து இயக்கினால், காத்திருந்த குறியீடு சில நேரம் உடனே வந்துவிடும். தரைவழித் தொலைபேசி எண்ணில் கணக்குத் தொடங்குவோருக்குக் குறுஞ்செய்தி எக்காலத்திலும் வராது; முதல் நேரக்கணக்கு முடியும்வரை பொறுத்து அழைப்பைக் கேட்பதே ஒரே வழி. இணையவழித் தொலைபேசி எண்களையும் கட்டணமில்லா எண்களையும் வாட்ஸ்அப் ஏற்பதில்லை.

இனி அழைப்பு. அது பெரும்பாலும் வெளிநாட்டு எண்ணிலிருந்து வருவதால், அழைப்பவரை அடையாளம் காட்டும் செயலிகள் அதைத் தொல்லை அழைப்பு என்று கருதி வெட்டிவிடுவது உண்டு. ஐபோனில் அறியாத எண்களை ஒலிக்காமல் விடும் அமைப்பு இருந்தால் மணியே கேட்காது. குறியீடு கேட்கும் சில நிமிடங்களுக்கு இவற்றை நிறுத்திவைக்க வேண்டும். அந்த நேரத்தில் வேறு யாருடனும் பேசிக்கொண்டிருக்கவும் கூடாது.

இன்னொரு காரணம் ஆபத்தானது. போனில் அழைப்பு திருப்பல் இயங்கினால், குறியீட்டைச் சொல்லும் குரல் வேறொருவர் காதில் விழும். கூரியர் நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஓர் எண்ணைத் தட்டச் சொல்லி இதைச் செய்கிறார்கள். தட்டியவருக்குத் தம் அழைப்புகள் எல்லாம் மோசடிக்காரருக்குப் போவது தெரியாது. அந்தக் குரலைக் கேட்டு அவர் கணக்கைத் தம் போனில் திறந்துகொள்கிறார். இத்தகைய குறுங்குறியீடுகளால் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது அதனால்தான். போனின் அழைப்பு அமைப்புகளில் திருப்பல் பகுதியைத் திறந்து பார்த்தால் நிலை தெரியும். பல நிறுவனங்களில் கீழே உள்ள முதல் குறியீடு நிலையைக் காட்டும், இரண்டாவது எல்லாத் திருப்பல்களையும் நீக்கும்.

```
*#21#
##002#
```

குறியீடு வந்து, அதைத் தட்டிய பிறகும் மறுபடி ஆறு இலக்கம் கேட்டால் அது வேறு. பயனரே முன்பு வைத்த இரண்டடுக்குப் பாதுகாப்பின் பின் எண் அது, குறுஞ்செய்தியில் வராது. மறந்திருந்தால், முன்பு கொடுத்த மின்னஞ்சல் மூலம் நீக்கலாம். மின்னஞ்சல் கொடுக்கவில்லை என்றால் ஏழு நாள் காத்திருந்துதான் மாற்ற முடியும்.

நேரப் பூட்டில் ஏற்கெனவே விழுந்துவிட்டவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: திரை காட்டும் நேரம் முழுதாக முடியும்வரை எதையும் தட்டாமல் விடுவது. அந்த இடைவெளியில் சிம், ரீசார்ஜ், ஸ்பேம் பகுதி, திருப்பல் ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டு, நல்ல சிக்னல் உள்ள இடத்தில் போனை ஒருமுறை அணைத்து இயக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை குறுஞ்செய்தி, அது வராவிட்டால் நேரக்கணக்கு முடிந்ததும் ஒரே ஒரு முறை அழைப்பு.