குளோரினின் ஏழு புள்ளிகள்

சமையல் உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஹைட்ரஜன் குளோரைடோ மைனஸ் 85 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. இரண்டிலும் இருப்பது அதே குளோரின்தான். ஒன்றில் சோடியத்தோடும் மற்றொன்றில் ஹைட்ரஜனோடும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. இந்தப் பெரிய வேறுபாட்டை ஒரு காகிதத் துண்டில் சில புள்ளிகளை வைத்துக் காட்டிவிடலாம் என்று சொன்னவர் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ்.

1902இல் ஹார்வர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அணுவைக் கனசதுரமாகவும் அதன் எட்டு மூலைகளை எலக்ட்ரான்களுக்கான இடங்களாகவும் அவர் குறிப்பேட்டில் வரைந்து பார்த்தார். 1916இல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எழுதிய கட்டுரையில்தான் புள்ளிகள் வந்தன. தனிமக் குறியீட்டைச் சுற்றி வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை மட்டும் புள்ளிகளாக வைப்பது அவருடைய முறை. உள்கூடுகளில் இருப்பவை பிணைப்பில் பங்கேற்பதில்லை என்பதால் அவற்றை வரைய வேண்டியதில்லை.

குளோரினிடம் இருக்கும் 17 எலக்ட்ரான்கள் 2, 8, 7 என்று அடுக்கப்பட்டுள்ளன. ஆகவே அதற்கு ஏழு புள்ளிகள். குறியீட்டின் நான்கு பக்கங்களில் மூன்றில் இணைகளாகவும் ஒன்றில் ஒற்றையாகவும் அவை அமரும். அந்த ஒற்றைப் புள்ளிக்கு ஒரு துணை கிடைத்தால் எட்டு நிறைந்து, ஆர்கானின் அமைப்பு வந்துவிடும். அந்த எட்டாவது எலக்ட்ரான் எப்படி வருகிறது என்பதைப் பொறுத்துப் படம் மாறுகிறது.

சோடியத்தின் அமைப்பு 2, 8, 1. வெளியே இருக்கும் அந்த ஒன்றை அது எளிதில் இழந்துவிடும். குளோரின் அதை முழுதாக வாங்கிக்கொள்கிறது. எனவே வரையும்போது சோடியத்தின் புள்ளியை அழித்துவிட்டு, அதற்கு ஒரு நேர்மின் சுமை எழுத வேண்டும். குளோரினைச் சுற்றி எட்டுப் புள்ளிகள் வைத்து, சதுர அடைப்புக்குறிக்குள் அடக்கி, வெளியே எதிர்மின் சுமையைக் குறிக்க வேண்டும்.

```
         ..
[Na]+  [:Cl:]-
         ..
```

இதுதான் அயனிப் பிணைப்பு. இரண்டு குறியீடுகளுக்கும் நடுவில் புள்ளியோ கோடோ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிடித்து வைத்திருப்பது எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு மட்டுமே. மாணவர்கள் பலரும் பழக்க தோஷத்தில் நடுவே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள்; அந்த ஒரு கோடே படத்தைத் தவறாக்கிவிடும். உப்புப் படிகத்தில் ஒரு சோடியமும் ஒரு குளோரினுமாகக் கைகோத்த ஜோடி எங்குமே கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் அயனிகளும் சூழ்ந்திருக்கின்றன. இந்த அடுக்கை எக்ஸ் கதிர்களால் கண்டறிந்தவர்கள் பிராக் தந்தையும் மகனும், ஆண்டு 1913. அத்தனை திசைகளிலும் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால்தான் உப்பை உருக்க அவ்வளவு வெப்பம் தேவைப்படுகிறது.

மெக்னீசியம் வந்தால் கணக்கு சற்று நீளும். அது இழப்பது இரண்டு எலக்ட்ரான்கள், ஒரு குளோரின் வாங்குவதோ ஒன்று. ஆகவே இரண்டு குளோரின்கள் வேண்டும். அவை இரண்டையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டு 2- என்று எழுதுவது தவறு. அப்படி எழுதினால் இரு குளோரின்களும் தங்களுக்குள் பிணைந்திருப்பதாகப் பொருளாகிவிடும். தனித்தனி அடைப்புக்குறி, தனித்தனிச் சுமை, நடுவில் புள்ளியே இல்லாத மெக்னீசியத்துக்கு 2+.

ஹைட்ரஜன் தன் ஒரே எலக்ட்ரானைச் சோடியம்போல விட்டுக்கொடுப்பதில்லை. குளோரினோடு பொதுவில் வைத்துக்கொள்கிறது. இது சகப் பிணைப்பு.

```
    ..
H : Cl :
    ..
```

நடுவில் இருக்கும் இணையை இரண்டு முறை எண்ண வேண்டும். ஹைட்ரஜன் பக்கம் எண்ணினால் இரண்டு, அதற்கு அதுவே நிறைவு. குளோரின் பக்கம் எண்ணினால் எட்டு. அடைப்புக்குறியும் இல்லை, சுமையும் இல்லை. ஒரு மூலக்கூறு அடுத்ததோடு வலுவாகக் கட்டுண்டிருக்கவில்லை. அதனால் கடுங்குளிரிலும் வாயுவாகப் பறந்துவிடுகிறது.

மூன்று தனிமங்கள் சேரும்போது ஊகித்து வரைவது உதவாது. எண்ணித்தான் வரைய வேண்டும். போபால் ஆலையில் மெத்தில் ஐசோசயனேட் தயாரிக்கப் பயன்பட்ட பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவை எடுத்துக்கொள்வோம். வாய்பாடு COCl2. கார்பனுக்கு 4, ஆக்ஸிஜனுக்கு 6, இரு குளோரின்களுக்கு 14. மொத்தம் 24 புள்ளிகள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

நடுவில் கார்பனை வைத்து மற்ற மூன்றையும் ஒவ்வோர் இணையால் இணைத்தால் ஆறு புள்ளிகள் செலவாகும். மீதி 18. வெளியே இருக்கும் மூன்று அணுக்களுக்கும் ஆளுக்கு ஆறாகப் பிரித்தால் கை காலியாகிவிடும். இப்போது சரிபார்த்தால் ஆக்ஸிஜனுக்கு எட்டு, குளோரின்களுக்கு எட்டு, கார்பனுக்கு மட்டும் ஆறு. இந்த இடத்தில்தான் புதிதாக இரண்டு புள்ளிகளைச் சேர்த்துவிடும் தவறு நடக்கும். மொத்தத்தை எண்ணினால் 26 வரும், குட்டு வெளிப்பட்டுவிடும். செய்ய வேண்டியது வேறு: ஆக்ஸிஜனிடம் தனித்திருக்கும் ஓர் இணையை நடுவே நகர்த்தி இரட்டைப் பிணைப்பாக்க வேண்டும். குளோரினிடமிருந்து ஏன் நகர்த்தவில்லை? அதற்குத் தேவை ஒரே ஓர் எலக்ட்ரான். அது ஒற்றைப் பிணைப்பிலேயே கிடைத்துவிட்டது. ஆக்ஸிஜனுக்கு இரண்டு தேவை.

```
        :O:
         ::
  ..           ..
 :Cl  :  C  :  Cl:
  ..           ..
```

குளோரினைச் சுற்றியுள்ள தனித்த இணைகள் பிணைப்பில் சேரவில்லையே என்று அவற்றை வரையாமல் விட்டுவிடுவோர் உண்டு. அலுமினியம் குளோரைடு அவர்களுக்கு நல்ல பதில். உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு என்ற வகுப்பறை விதிப்படி இதுவும் உப்பைப்போல இருக்க வேண்டும். ஆனால் நீரற்ற அலுமினியம் குளோரைடு ஏறக்குறைய 180 டிகிரியிலேயே பதங்கமாகி ஆவியாகிறது. ஆவியில் இருப்பது சகப் பிணைப்பு. தனி மூலக்கூறாக வரைந்தால் அலுமினியத்தைச் சுற்றி ஆறு புள்ளிகளே வரும். எனவே இரண்டு மூலக்கூறுகள் நெருங்கி, ஒன்றின் குளோரின் தன் தனித்த இணையை மற்றதன் அலுமினியத்துக்கு நீட்டுகிறது; அதேபோல மறுபக்கமும். Al2Cl6 உருவாகி, இரு அலுமினியங்களுக்கும் எட்டு நிறைகிறது. அந்த இணையை வரையாதவருக்கு இந்தச் சேர்க்கை எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

புள்ளிகள் எல்லாவற்றுக்கும் வழிவிடுவதில்லை. குடிநீரில் கிருமிகளைக் கொல்லவும் காகிதக் கூழை வெளுக்கவும் பயன்படும் குளோரின் டைஆக்ஸைடில் குளோரினின் 7, இரு ஆக்ஸிஜன்களின் 12 என மொத்தம் 19 எலக்ட்ரான்கள். ஒற்றைப்படை எண்ணை இணைகளாகப் பிரிக்க முடியாது. எப்படி மாற்றி மாற்றி வரைந்தாலும் ஏதோ ஓர் அணுவுக்கு ஏழே மிஞ்சும். எட்டு நிறையாத அந்த மூலக்கூறு மஞ்சள் கலந்த பச்சை நிற வாயுவாக இருக்கத்தான் செய்கிறது. செறிவு கூடினால் வெடிக்கக்கூடியது என்பதால், தேவைப்படும் இடத்திலேயே தயாரித்து உடனே பயன்படுத்திவிடுகிறார்கள்.